காலி டப்பா கொடுக்கும் ஆர்டர்

பத்து எம்.எம். ஸ்பிரிங் வாஷரின் விலை மிகச் சொற்பம். ஒரு டீ குடிக்கும் காசுக்குப் பத்துக்குக் குறையாமல் வாங்கிவிடலாம். அது கையில் இல்லாத அன்றைக்குத்தான் அதன் உண்மையான விலை தெரியும். பம்பும் மோட்டாரும் பெயின்ட் அடித்துத் தயாராக இருக்கும், பேஸ் ஃபிரேம் தரையில் கிடக்கும், இரண்டு ஃபிட்டர்கள் ஸ்பேனரோடு நிற்பார்கள். "அண்ணா, ஸ்பிரிங் வாஷர் தீர்ந்துபோச்சுங்க" என்று ஹெல்பர் வந்து சொல்வான். ஒருவர் பைக்கை எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போவார். அவர் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரை மூன்று பேருடைய கூலியும், அன்று மாலை லாரி ஏற்ற வேண்டிய சரக்கும் அந்த வாஷருக்காகக் காத்திருக்கும்.

விலை அதிகமான சாமான்களில் இப்படி நடப்பது குறைவு. மோட்டார் எத்தனை இருக்கிறது, காப்பர் கம்பி எத்தனை கிலோ இருக்கிறது என்று முதலாளியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நட்டு, போல்ட், வாஷர், கட்டிங் வீல், வெல்டிங் ராடு, நூல் டேப் போன்றவற்றைத்தான் யாரும் எண்ணுவதில்லை. எண்ணுவது கட்டுப்படியாகாது என்பதால் எண்ணாமல் இருப்பதிலும் நியாயம் இருக்கிறது. எட்டு வாஷர் எடுக்கும்போதெல்லாம் நோட்டில் எழுதச் சொன்னால் முதல் வாரம் எழுதுவார்கள். இரண்டாம் வாரம் மாலையில் மொத்தமாக நினைவிலிருந்து எழுதுவார்கள். ஒரு மாதம் போனால் நோட்டில் எழுநூறு இருக்கும், டப்பாவில் தொண்ணூறு இருக்கும். நோட்டுக்குப் பதில் கம்ப்யூட்டர் வைத்தாலும் எழுத வேண்டிய கை அதே கைதான்.

எண்ணாமலே, எழுதாமலே, தீர்வதற்கு முன்பே சரக்கு வந்து சேர வழி இருக்கிறது. ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டு டப்பா வைப்பதுதான் அது. முன் டப்பாவிலிருந்து எடுத்துப் பயன்படுத்துவார்கள். அது காலியானதும் பின்னால் இருக்கும் நிறைந்த டப்பாவை முன்னால் இழுத்துக்கொள்வார்கள். காலி டப்பாவோ அதோடு இருக்கும் கார்டோ ஸ்டோருக்குப் போகும். அதுதான் ஆர்டர். புதுச் சரக்கு வந்ததும் காலி டப்பாவை நிரப்பிப் பின்னால் வைத்துவிடுவார்கள். இரண்டு டப்பாவும் இப்படி மாறி மாறி முன்னும் பின்னும் போய்வரும்.

இவ்வளவுதான் முறை. ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும், ஒரு நாளில் தொடங்கிவிடலாம். அப்படித் தொடங்கிய பட்டறைகள் பலவற்றில் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு டப்பாவிலும் பாதிப் பாதி போல்ட் கிடக்கும். கார்டுகள் ஏதோ ஒரு மேஜை டிராயரில் இருக்கும், பைக் மறுபடியும் ஹார்டுவேர் கடைக்கு ஓடிக்கொண்டிருக்கும். பின் டப்பாவில் எத்தனை வைப்பது, அந்த டப்பாவைத் திறக்கும் நேரத்தில் என்ன நடக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் சரியான விடை இல்லாத இடத்தில் இந்த முறை நிற்காது. முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம்.

பம்ப்செட்டுக்குப் பேர்போன கோயம்புத்தூரில் ஒரு நடுத்தரப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். மோட்டாரையும் பம்பையும் தனித்தனியாக வாங்கி, ஒரே பேஸ் ஃபிரேமில் பூட்டி, கப்ளிங் போட்டுக் கொடுப்பது அங்கே வேலை. மோட்டார் காலுக்கு நாலு, பம்ப் காலுக்கு நாலு என ஒரு செட்டுக்கு எட்டு போல்ட் பிடிக்கும். பத்துக்கு நாற்பது போல்ட், அதாவது பத்து எம்.எம். கனம், நாற்பது எம்.எம். நீளம், பதினேழாம் நம்பர் ஸ்பேனரில் முடுக்குவது. சாதாரண நாளில் ஆறு செட் முடியும், ஆகவே நாளுக்கு 48 போல்ட். விவசாய சீசனில் ஒன்பது செட் வரை ஓடும், அப்போது நாளுக்கு 72.

ஹார்டுவேர் கடைக்காரர் நாணயமானவர். போன் செய்தால் இரண்டு நாளில் சரக்கு வந்துவிடும். முதலாளி கணக்குப் போட்டார்: நாளுக்கு 48, கடைக்கு இரண்டு நாள், பாதுகாப்புக்கு இன்னொரு நாள். மூன்று நாளுக்கு 144. சரி, பின் டப்பாவில் 150 போதும் என்று முடிவு செய்தார். இந்தக் கணக்கு கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சீசனில் ஒரு வாரம் இது என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

திங்கள் காலை பத்து மணிக்கு முன் டப்பா காலி. ஹெல்பர் பின் டப்பாவை இழுத்துவிட்டுக் கார்டைப் பெட்டியில் போட்டான். அன்று மாலைக்குள் 60 போல்ட் போய்விட்டது, மீதி 90. மாலையில் சூப்பர்வைசர் கார்டை எடுத்து முதலாளி மேஜையில் வைத்தார். மறுநாள் முதலாளி வெளியூர், மாலைதான் வந்தார். வந்ததும் போன் செய்துவிட்டார். அதற்குள் இன்னொரு 72 தீர்ந்து, டப்பாவில் 18 மிச்சம். புதன் காலை இரண்டு செட் பூட்டியதும் இரண்டே போல்ட் கிடந்தது. கடைக்காரர் சொன்ன சொல் தவறாமல் வியாழன் மாலை கொண்டுவந்து இறக்கினார். அதைப் பிரித்து, எண்ணிப் பார்த்து, டப்பாவில் போட வெள்ளிக்கிழமை காலை ஆகிவிட்டது. புதனில் பெரும்பகுதியும் வியாழன் முழுவதும் வேலை நின்றது.

இதில் யாரும் சோம்பேறித்தனம் செய்யவில்லை, கடைக்காரரும் தாமதிக்கவில்லை. கணக்கில் இரண்டு இடத்தில் பிசகு. முதலாவது, நாளுக்கு 48 என்பது சராசரி. வேலை நிற்பது சராசரி நாளில் அல்ல, மும்முரமான நாளில். பின் டப்பாவை அளக்கும்போது 72 என்றுதான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது பிசகு இன்னும் பெரியது, எளிதில் கண்ணில் படாதது. கடைக்காரர் எடுத்துக்கொண்ட நாள் இரண்டு. போல்ட் இல்லாமல் போனதற்கும் வந்ததற்கும் இடையிலான நாள் அது அல்ல. கார்டு பெட்டியில் கிடந்த நேரம், முதலாளி மேஜையில் கிடந்த நேரம், கடை, பிரித்து எண்ணும் நேரம் எல்லாம் சேர்ந்துதான் காத்திருப்பு. இந்த வாரத்தில் அது நான்கு நாள் ஆயிற்று. மோசமான வாரத்தில் கடைக்காரரிடமும் சரக்கு இல்லாமல் போகலாம். கார்டுக்கு ஒரு நாள், போனுக்கு ஒரு நாள், கடைக்கு மூன்று நாள், எண்ணி வைக்க ஒரு நாள் என ஆறு வேலைநாளை நீண்ட காத்திருப்பாக எடுத்துக்கொள்ளலாம். 72-ஐ ஆறால் பெருக்கினால் 432. கடையில் நூறு நூறாகக் கட்டித் தருவார்கள் என்றால் 500 என்று வைத்துக்கொள்ளலாம். கூடுதலாக வரும் 68 கீழே விழுந்து உருண்டுபோவதற்கும் மரை கெட்டுப்போவதற்கும்.

அப்படியானால் முன் டப்பாவில் எத்தனை? இரண்டு டப்பாவும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் இரண்டிலும் ஒரே எண்ணிக்கை வைப்பதே சுலபம். ஒவ்வொரு முறையும் 500 வாங்கினால் சாதாரண நாட்களில் பத்து வேலைநாளுக்கு ஒருமுறை ஆர்டர் போகும், மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை. அது சிரமமில்லாத அளவு. இந்த போல்ட் ஒன்றின் எடை முப்பது கிராமுக்குச் சற்று மேல் என்பதால் 500 போல்ட் பதினைந்து கிலோவைத் தாண்டும். ஒருவர் ரேக்கிலிருந்து தூக்கி இறக்கக்கூடிய எடைதான். நாளுக்கு இருநூறு முந்நூறு போல்ட் பிடிக்கும் பட்டறையில் இதே கணக்கு ஐம்பது கிலோவுக்குமேல் போய்விடும். அங்கே பெரிய டப்பாவைத் தேடுவதைவிட, கடைக்காரர் வரும் நாட்களை நெருக்கிக்கொள்வதுதான் நல்லது.

காத்திருப்பை நெருக்குவதால் எவ்வளவு மிச்சமாகும் என்பதை இதே பட்டறையில் பார்க்கலாம். கார்டுகளை ஒவ்வொரு மாலையும் எடுக்காமல் சனிக்கிழமைதோறும் மொத்தமாக எடுப்பதாக வைத்துக்கொள்வோம். திங்களன்று போட்ட கார்டு ஆறு நாள் பெட்டியிலேயே கிடக்கும். ஒரு நாளாக இருந்தது ஆறாகிறது, மொத்தக் காத்திருப்பு பதினோரு நாளாகிறது. பின் டப்பாவில் 792, அதாவது 800 வேண்டும். தினமும் மாலை ஐந்து நிமிடம் நடந்து கார்டு எடுக்காததற்காக ஒவ்வொரு சாமானிலும் கூடுதலாக முந்நூறு வாங்கி வைத்து, அதற்கு இடமும் கொடுக்க வேண்டியிருக்கிறது. இருநூறு வகை சாமான் இருக்கும் ரேக்கில் இது சின்ன விஷயமல்ல. அதேபோல இப்படிப்பட்ட சில்லறைச் சாமானுக்கு முதலாளியின் கையெழுத்து தேவையே இல்லை. எந்தக் கடை, எத்தனை, எந்தத் தரம் என்பதை ஒருமுறை முடிவு செய்து கார்டில் எழுதிவிட்டால், கார்டே அனுமதிதான். சூப்பர்வைசரே போன் செய்துவிடலாம்.

வாஷருக்கும் இதே கணக்குத்தான், ஆனால் எண்ணிக்கை வேறு. போல்ட் தலைக்கு அடியில் ஒரு பிளெயின் வாஷர், நட்டுப் பக்கம் ஒன்று என்று போட்டால் ஒரு போல்ட்டுக்கு இரண்டு. நாளுக்கு 144, ஆறு நாளுக்கு 864, ஆகவே 900. போல்ட்டுக்கும் வாஷருக்கும் ஒரே அளவு டப்பா கொடுத்து, இரண்டிலும் 500 என்று எழுதிவிட்டால் வாஷர்தான் முதலில் காலைவாரும். செட்டில் எத்தனை போகிறது என்பதை ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பார்க்காமல் கார்டு எழுதக்கூடாது.

இனி இரண்டாவது கேள்வி. பின் டப்பாவைத் திறக்கும் நொடியில் கார்டு கிளம்ப வேண்டும். கிளம்பாவிட்டால் பின் டப்பாவும் முன் டப்பாவும் ஒன்றுதான். வேலை மும்முரத்தில் ஃபிட்டருக்கு எட்டு போல்ட் வேண்டும், முன் டப்பாவில் மூன்று இருக்கிறது. பின்னாலிருந்து ஐந்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். முன்னால் மூன்று அப்படியே இருக்கிறது, காலியாகவில்லை, கார்டும் போகவில்லை. அடுத்தவரும் அப்படியே செய்வார். இரண்டு நாளில் பின் டப்பாவில் பாதி போய்விடும். இதை அதட்டல் போட்டுத் திருத்த முடியாது. அவர் கண்முன்னே வேலை நிற்கிறது, டப்பா திறந்து கிடக்கிறது.

அதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல மருந்து ஒரு பிளாஸ்டிக் பை. பின் டப்பாவில் இருக்கும் சரக்கைக் கொட்டி வைக்காமல், கனமான பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தக் கட்டிலேயே கார்டை மாட்டிவிட வேண்டும். போல்ட் வேண்டுமென்றால் கட்டை அவிழ்த்தாக வேண்டும், அவிழ்த்தால் கார்டு கையில் வந்துவிடும். கையில் வந்த கார்டை எங்காவது போடத்தான் வேண்டும் என்பதால் ரேக்கின் பக்கத்திலேயே, ஓரெட்டு நடந்தால் எட்டுகிற இடத்தில், கார்டுப் பெட்டி இருக்க வேண்டும். ஆபீஸ் ரூமுக்குள் வைத்தால் கார்டு சட்டைப் பைக்குள் போகும், அங்கிருந்து வீட்டுத் துவைக்கும் வாளிக்குப் போகும். பை கட்டிய பட்டறையில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்வார்கள். புதிதாக வந்த ஹெல்பருக்கும் தனியாகப் பாடம் எடுக்கத் தேவையிருக்காது.

கார்டில் சாமானின் பெயர், அளவு, தரம், ரேக்கில் எந்த இடம், எத்தனை வாங்க வேண்டும், எந்தக் கடை என்பவை இருந்தால் போதும். முடிந்தால் ஒரு போல்ட்டையே கார்டில் கம்பி போட்டுக் கட்டிவிடுங்கள். பத்து எம்.எம். போல்ட்டில் சாதாரண மரைக்கு ஒன்றரை எம்.எம். இடைவெளி, நெருக்க மரைக்கு ஒன்றேகால். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தவறான நட்டு இரண்டு சுற்று ஏறி இறுகி நிற்கும்போதுதான் தெரியும், அதற்குமேல் முடுக்கினால் மரை போய்விடும். தரமும் அப்படித்தான். தலையில் 8.8 என்று குத்தியிருக்கும் போல்ட்டும் 4.6 போல்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது, ஆனால் தாங்கும் பலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுக்கு இரண்டு. கடைக்காரர் கையில் இருப்பதைக் கொடுத்துவிடாமல் இருக்க கார்டில் தரம் எழுதியிருக்க வேண்டும், சரக்கு வந்ததும் நாலு போல்ட்டின் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

கார்டு தொலைந்துபோனதைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. சுவரில் ஒரு பலகை மாட்டி, "வாங்கணும்", "சொல்லியாச்சு" என்று இரண்டு வரிசை ஆணி அடித்துவிடுங்கள். போன் செய்ததும் கார்டு முதல் வரிசையிலிருந்து இரண்டாவதுக்குப் போகும், சரக்கு வந்ததும் பலகையை விட்டுப் பைக்குத் திரும்பும். எந்த நேரத்திலும் ரேக்கில் எத்தனை காலி டப்பா இருக்கிறதோ அத்தனை கார்டு பெட்டியிலும் பலகையிலும் இருந்தாக வேண்டும். சனிக்கிழமை மாலை ஒருமுறை ஒத்துப் பார்த்தால் போதும். ரேக்கில் ஒன்பது காலி டப்பா, கார்டு எட்டுதான் என்றால் ஒரு சாமான் யாருக்கும் தெரியாமல் தீர்ந்துகொண்டிருக்கிறது. எது என்பதையும் அந்தக் காலி டப்பாவின் பெயர்ச்சீட்டே காட்டிக்கொடுத்துவிடும்.

சரக்கு வந்து நிரப்புகிறபோதும் கவனம் வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. அவசரத்தில் புதுச் சரக்கைத் திறந்திருக்கும் டப்பாவின் மேலேயே கொட்டுவார்கள். அப்படிக் கொட்டினால் இருப்புப் பை இல்லாமல் போகிறது, அடியில் இருக்கும் பழைய சரக்கு எப்போதும் அடியிலேயே கிடக்கிறது. போல்ட்டுக்கு அதனால் பெரிய சேதமில்லை, துருதான் ஏறும். கட்டிங் வீலுக்கு அது ஆபத்து. பிசின் போட்டு ஒட்டிச் செய்த அந்தச் சில்லுக்கு, செய்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் ஆயுள் என்று வைத்திருக்கிறார்கள். நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் மாதமும் வருடமும் குத்தியிருக்கும். பழைய, ஈரம் குடித்த சில்லு கிரைண்டரின் வேகத்தில் உடைந்து முகத்தில் தெறித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் ஓ-ரிங், சிலிகான் பேஸ்ட், மரையில் போடும் பசை எல்லாவற்றுக்கும் காலக்கெடு உண்டு. இரண்டு டப்பாவும் ஒழுங்காக மாறிவந்தால் பழையது முழுக்கத் தீர்ந்த பிறகே புதியது திறக்கப்படும், இதற்கென்று தனியாக ஒரு விதி எழுத வேண்டியதில்லை. வெல்டிங் ராடுக்கு மட்டும் இன்னொரு எச்சரிக்கை: பையைக் கட்டினாலும் தரையில் வைக்கக்கூடாது, ஈரம் ஏறிய ராடு வெல்டிங்கில் துளை விடும்.

வந்த சரக்கை எண்ணுவதற்கும் ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். எலெக்ட்ரானிக் தராசில் நூறு எண்ணி எடை போட்டுக்கொண்டால், மொத்த எடையை அதனால் வகுத்துவிடலாம். கிலோ கணக்கில் வாங்கும்போது இது இன்னும் உதவும்.

இப்படிப் பைக்கும் பலகைக்கும் பழகிவிட்ட பட்டறையில், முதலில் போட்ட எண்ணிக்கை சரிதானா என்பதைச் சொல்லும் அளவுகோலும் கூடவே கிடைத்துவிடுகிறது. புதுச் சரக்கு வந்து இறங்கும்போது, திறந்திருக்கும் டப்பாவில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, கார்டின் பின்பக்கம் தேதியோடு எழுதிவைத்தால் போதும். கச்சிதமாக எண்ண வேண்டாம், பாதி, கால் என்றாலும் சரி. நம்முடைய பட்டறையில் சாதாரண வாரத்தில் நாளுக்கு 48, நாலு நாள் காத்திருப்பு என்றால் 192 போயிருக்கும், முந்நூறு மிச்சம் இருக்கும். பார்ப்பவருக்கு இது அளவுக்கு மீறிய இருப்பாகத் தெரியும். சீசனுக்கான இருப்பு என்பதால் அதில் கைவைக்கக்கூடாது. ஐந்தாறு சுற்று வந்த பிறகு, சீசனிலும்கூட ஒருமுறையாவது இருநூறுக்குக் கீழே இறங்கவில்லை என்றால் 400-ஆகக் குறைத்துப் பார்க்கலாம். மாறாக, இரண்டு மூன்று முறை அடிமட்டம் வரை போய்விட்டதென்றால் உடனே 600-ஆக்க வேண்டும். அப்போது கார்டின் தேதிகளையும் பார்க்க வேண்டும். போல்ட் அதிகம் செலவானதா, கார்டு அதிக நாள் பலகையில் தொங்கியதா என்று அவை சொல்லிவிடும். செலவு கூடியிருந்தால் எண்ணிக்கையைக் கூட்டலாம். கார்டு தொங்கியிருந்தால் அதைக் குறைப்பதுதான் வழி, டப்பாவைப் பெரிதாக்குவது கடைசி வழி.

தொடங்கிய முதல் மாதத்துக் கணக்கை மட்டும் நம்பக்கூடாது. அடிக்கடி சரக்கு தீர்ந்துபோன பட்டறையில் ஒவ்வொரு ஃபிட்டரும் தன் டூல் பாக்ஸில் ஒரு பிடி போல்ட்டும் ஒரு பிடி வாஷரும் பதுக்கி வைத்திருப்பார். பல வருட அனுபவம் கற்றுக்கொடுத்த தற்காப்பு அது, அதற்காக அவரைக் கோபித்துப் பயனில்லை. புதிதாக நிறைந்த டப்பாக்களைப் பார்த்ததும் இன்னும் இரண்டு பிடி அள்ளுவார்கள், நாளுக்கு 48 என்பது சில நாள் 90 ஆகத் தெரியும். மூன்று மாதம் ஒருமுறையும் தீராமல் இருந்தால் பதுக்கல் தானே நின்றுவிடும். அப்போது எல்லாருடைய டூல் பாக்ஸையும் ஒரு நாள் காலி செய்து தரம் பிரித்தால், பல கிலோ சரக்கு திரும்பி வருவதைப் பார்க்கலாம். அவற்றை நேராக டப்பாவில் கொட்டாமல் தனிப் பெட்டியில் போட்டு, அளவும் மரையும் பார்த்த பிறகே ரேக்கில் சேர்க்க வேண்டும்.

இந்த முறையின் வேர் பழையது. எந்த இருப்பு நிலைக்கு இறங்கினால் அடுத்த ஆர்டர் போக வேண்டும் என்பதைக் கணக்காக்கி ஆர்.எச். வில்சன் 1934-ல் எழுதினார். பின்னர் ஜப்பானில் டொயோட்டா கார் கம்பெனியின் தைச்சி ஓனோ, அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் எடுத்த அளவுக்கு மட்டும் அலமாரியை நிரப்பும் பழக்கத்தைப் பார்த்து, தொழிற்சாலைக்குள் கார்டு சுற்றிவரும் கன்பான் முறையை வளர்த்தெடுத்தார். இப்போது ஆஸ்பத்திரி வார்டுகளில் ஊசி, பஞ்சு, கையுறை வைக்கவும் இதே இரட்டை டப்பா பயன்படுகிறது. டப்பாவுக்கு அடியில் தராசு வைத்து, எடை குறைந்ததும் தானாகவே ஆர்டர் அனுப்பும் ரேக்குகளையும் போல்ட் விற்கும் பெரிய கம்பெனிகள் தருகின்றன. நாற்பது பேர்வரை வேலை செய்யும் பட்டறைக்கு அவ்வளவு தேவையில்லை, பையும் கார்டும் போதும் என்பது என் எண்ணம்.

எல்லாச் சாமானுக்கும் இது பொருந்தாது. மெக்கானிக்கல் சீல், பேரிங், மோட்டார் போல விலை உயர்ந்தவற்றில் ஒரு டப்பா நிறைய இருப்பு வைப்பது பணத்தை முடக்குவது. அவற்றை எண்ணி வாங்குவதே சரி, எண்ணுவதற்கு ஆகும் உழைப்பும் அங்கே கட்டுப்படியாகும். வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் தேவைப்படும் அளவுகளுக்கும் டப்பா வேண்டாம், வேலை வரும்போது வாங்கிக்கொள்ளலாம். கணக்கு முழுவதும் தினசரிச் செலவு ஓரளவு சீராக இருக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய டப்பா வைத்தாலும் ஒரு நாள் தீர்ந்துபோகும்.

சீரான செலவு உள்ள பட்டறையிலும் திடீரென்று அதைக் குலைப்பது பெரிய ஆர்டர். அரசு டெண்டரில் நூற்று இருபது செட் கேட்கிறார்கள், மூன்று வாரத்தில் கொடுக்க வேண்டும். எட்டால் பெருக்கினால் 960 போல்ட். இதை ரேக்கிலிருந்து எடுத்தால் முதல் சில நாளிலேயே இரண்டு டப்பாவும் துடைத்துப்போகும், அன்றாட வேலையும் சேர்ந்து நிற்கும். அப்புறம் பதறிப்போய்க் கார்டில் 500-ஐ அடித்து 1500 என்று எழுதுவார்கள். டெண்டர் முடிந்த பிறகு அந்த 1500 பல மாதம் ரேக்கை அடைத்துக்கொண்டு கிடக்கும். அப்படிப்பட்ட வேலைக்கு வேண்டிய போல்ட், நட்டு, வாஷரைத் தனியாக வாங்கி, அந்த வேலையின் பெயர் எழுதிய பெட்டியில், செட்டுகள் பூட்டும் இடத்துக்கே கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். ரேக்கை அது தொடவே கூடாது. ஆர்டர் எடுக்கும்போதே, நாள்வேலையில் இரண்டு மடங்குக்குமேல் செல்லும் எதற்கும் தனிப் பெட்டி என்று ஒரு வரி எழுதிவைத்துக்கொள்ளலாம். பெட்டியில் மிஞ்சியது ரேக்குக்குத் திரும்பும்போது, அடுத்த கார்டு அந்த அளவுக்குத் தாமதமாகப் போகும், அவ்வளவுதான்.

தொடங்க நினைப்பவர்கள் இருநூறு வகையையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. போன மாதம் பைக் ஓட வைத்த சாமான்கள் எவை என்று ஃபிட்டர்களிடமே கேட்டால் பத்துப் பதினைந்து பெயர் வரும். பெரும்பாலும் போல்ட்டைவிட வாஷரும் நட்டும்தான் பட்டியலில் முன்னால் இருக்கும். அவற்றுக்கு மட்டும் முதலில் பை கட்டி, கார்டு எழுதி, இரண்டு மூன்று சுற்று ஓட விட்டுவிட்டு மற்றவற்றைச் சேர்க்கலாம். வருடத்துக்கு ஒருமுறை எல்லாக் கார்டுகளின் பின்பக்கத்தையும் புரட்டிப் பார்த்து, ஆறு மாதமாக ஒரு தேதியும் ஏறாத கார்டுகளை ரேக்கிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் புதிதாகச் செலவாகத் தொடங்கிய அளவுக்குக் கொடுத்துவிடலாம்.